ஒன்பது மணிக்கு மூவாயிரம் போஸ்ட்

ஒரு ஜவுளிக்கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரே தீபாவளி வாழ்த்து அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், பார்ப்பவர்கள் கடையைத்தான் குறை சொல்வார்கள். வாழ்த்து வராமலே போனால் கடைக்காரர் ஏஜென்சிக்குப் போன் போடுவார். இந்த இரண்டு கோளாறுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். நேரம் குறித்து வைத்த போஸ்ட்டுகளை எடுத்து வெளியிடும் ‘வொர்க்கர்’ என்ற பின்னணி நிரலுக்கு, தான் தொடங்கிய வேலை முடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிகள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் பக்கங்களை ஒரே தளத்திலிருந்து கவனிக்கின்றன. போஸ்ட்டை ஒரு வாரம் முன்பே எழுதி, படம் சேர்த்து, நேரம் குறித்துவிடுவார்கள். யாரும் 9.07 என்று குறிப்பதில்லை, 9.00 என்றுதான் குறிப்பார்கள். பண்டிகை நாளில் அந்த ஒரே நிமிடத்துக்கு 3,000 போஸ்ட் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை வெளியிட 2 விநாடி என்றால், ஒற்றை வொர்க்கருக்கு 100 நிமிடம் ஆகும். கடைசிக் கடையின் காலை வாழ்த்து 10.40-க்கு வரும். 50 வொர்க்கர்கள் பகிர்ந்துகொண்டால் 2 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆள் கூடியதும், ஒரே போஸ்ட்டை இரண்டு பேர் எடுத்துவிடும் ஆபத்தும் கூடிவிடுகிறது.

முதலில், அட்டவணையை எங்கே வைப்பது? வேலைகளை வரிசையில் நிறுத்தும் க்யூவிலேயே, “அடுத்த வெள்ளிக்கிழமை எடு” என்று போட்டுவிடலாம் எனத் தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அமேசானின் எஸ்.க்யூ.எஸ். க்யூவில் ஒரு செய்தியை அதிகபட்சம் 15 நிமிடம்தான் தாமதப்படுத்தி வைக்க முடியும். பைதான் மொழியில் பரவலாகப் பயன்படும் செலரியை ரெடிஸோடு சேர்த்து ஓட்டினால், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்ததாகத் தகவல் வராத வேலை மறுபடி வேறொரு வொர்க்கருக்குப் போகும். மாற்றாவிட்டால் அதுதான் இயல்பான அமைப்பு. ஐந்து மணி நேரம் கழித்துப் போகவேண்டிய போஸ்ட், இப்படி ஒவ்வொரு மணிக்கும் இன்னொருவர் கைக்குப் போய், கடைசியில் பலமுறை வெளியாகலாம். செலரியின் ஆவணமே இதை எச்சரிக்கிறது.

அதனால் அட்டவணை டேட்டாபேஸில் இருக்கட்டும். எந்த போஸ்ட், எப்போது, இப்போது என்ன நிலை என்பதெல்லாம் ஒரு வரியில் பதிவாகியிருக்கும். நேரம் வந்த வரிகளை மட்டும் வொர்க்கர்கள் எடுப்பார்கள். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் தொடாமலிருக்க, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 2016-ல் வந்த 9.5 பதிப்பிலிருந்து `FOR UPDATE SKIP LOCKED` என்ற வசதியைத் தருகிறது. ஒரு வொர்க்கர் பூட்டிய வரியை மற்றவர்கள் காத்து நிற்காமல் தாண்டி, அடுத்ததை எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்தவர் ‘வெளியிடுகிறேன்’ என்று குறித்துவிட்டு, அதோடு ஒரு கெடுவையும் எழுதவேண்டும். இரண்டு நிமிடம் என்று வையுங்கள். அதற்குள் முடிக்காவிட்டால் அவர் விழுந்துவிட்டார் என்று கொண்டு, வேறொருவர் அந்த வரியை எடுப்பார். கெடு இல்லாவிட்டால், நடுவில் சர்வர் நின்ற ஒவ்வொரு முறையும் சில போஸ்ட்டுகள் ‘வெளியிடுகிறேன்’ என்ற நிலையிலேயே கேட்பாரற்றுக் கிடக்கும். ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இன்ஸ்டாகிராமின் பதிலுக்காக வொர்க்கர் காத்திருக்கும் நேரம் கெடுவைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும், அரை நிமிடம் போல. இல்லாவிட்டால் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பவரை விழுந்துவிட்டதாக நினைத்து, இன்னொருவர் அதே வேலையில் இறங்கிவிடுவார்.

இனிதான் கடினமான இடம். வெளியிடச் சொல்லி வொர்க்கர் கேட்டாயிற்று. பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. யு.பி.ஐ.-யில் பணம் அனுப்பும்போது திரை அப்படியே நின்றுவிட்டால், பணம் போயிற்றா இல்லையா என்று தவிப்போமே, அதே நிலைதான். கேட்டதே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். போஸ்ட் வெளியாகி, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். வொர்க்கர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘தோல்வி’ என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பினால் இரட்டை போஸ்ட். ‘வெற்றி’ என்று விட்டுவிட்டால் போஸ்ட் வராமலே போகலாம். ஆகவே ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது நிலையும் டேட்டாபேஸில் இருந்தாகவேண்டும். அந்த நிலையில் உள்ளதை மறுபடி அனுப்பும் முன் விசாரித்தே ஆகவேண்டும்.

விசாரிக்க இன்ஸ்டாகிராம் வழி வைத்திருக்கிறது. அங்கே வெளியீடு இரண்டு படி. முதல் படியில் படமோ வீடியோவோ இருக்கும் முகவரியையும் வாசகத்தையும் கொடுத்தால், ‘கன்டெய்னர்’ ஒன்றை உருவாக்கி அதற்கு ஓர் எண் தரும். இரண்டாவது படியில் அந்த எண்ணைச் சொல்லி வெளியிடச் சொல்லவேண்டும். கன்டெய்னரின் நிலையை இடையில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். தயாராகிக்கொண்டிருந்தால் `IN_PROGRESS`, தயார் என்றால் `FINISHED`, வெளியாகிவிட்டால் `PUBLISHED` என்று பதில் வரும்.

இந்த எண்ணை இரண்டாவது படிக்கு முன்பே டேட்டாபேஸில் எழுதி வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 9.00-க்கு வெளியிடச் சொன்ன வொர்க்கர் பதில் வாங்காமல் விழுந்தார் என்போம். 9.02-க்குக் கெடு தீர்ந்து, இன்னொருவர் வரியை எடுக்கிறார். அவர் முதலில் கன்டெய்னரின் நிலையைக் கேட்கிறார். `PUBLISHED` என்றால் ‘முடிந்தது’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம். `FINISHED` என்றால் அதே எண்ணைக் கொண்டு வெளியிடலாம். புதிதாக ஒரு கன்டெய்னரை உருவாக்கவே கூடாது. அங்கேதான் இரட்டை போஸ்ட் பிறக்கிறது.

இரண்டு படி இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. வீடியோ தயாராகச் சில நிமிடங்கள் பிடிக்கும். நிலையை நிமிடத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம் வரை கேட்டால் போதும் என்கிறது மெட்டாவின் ஆவணம். இந்த வேலையை 8.30-க்கே முடித்துவிட்டால், 9.00-க்கு வெளியிடும் சின்ன வேலைதான் பாக்கி. அதற்காக முந்தின நாள் காலையிலேயே தொடங்கிவிடவும் முடியாது. 24 மணி நேரத்துக்குள் வெளியிடாத கன்டெய்னர் காலாவதியாகிவிடும்.

“அதிகம் கேட்கிறீர்கள், பொறுங்கள்” என்று தளம் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. மறுமுயற்சிகளுக்கு இடையிலான நேரத்தை அரை நிமிடம், ஒன்று, இரண்டு என இரட்டித்துக்கொண்டே போகவேண்டும். அதிலும் எல்லா வொர்க்கரும் ஒரே நொடியில் திரும்பி வராதபடி கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்துவிடவேண்டும். அப்படிக் கலைத்தால் மோதல் எவ்வளவு குறைகிறது என்பதை அமேசான் பொறியாளர் மார்க் புரூக்கர் 2015-ல் எழுதிய கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் வாடிக்கையாளர் பாஸ்வேர்டை மாற்றியதால் அனுமதி ரத்தாகியிருந்தால், எத்தனை முறை முயன்றும் பயனில்லை. உடனே நிறுத்திவிட்டு, ஏஜென்சிக்காரருக்குத் தகவல் சொல்லவேண்டும்.

காலை முழுக்க முடங்கிய சர்வர் மாலையில் எழுந்தால், தேங்கிய எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டவும் கூடாது. “இன்று பகல் 12 மணி வரை தள்ளுபடி” என்ற போஸ்ட் மாலை ஆறுக்கு வருவதைவிட வராமல் இருப்பதே மேல். ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் ‘இதற்குப் பிறகு வேண்டாம்’ என்ற நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளவேண்டும்.

எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று எப்படி அறிவது? பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் நின்றுபோன வொர்க்கர் பிழையே காட்டாது. நேரம் கடந்தும் வெளியாகாத போஸ்ட்டுகளில் மிகப் பழையது எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதை நிமிடந்தோறும் அளக்கவேண்டும். அது ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், வொர்க்கர்களைச் சாராத தனி நிரல் ஒன்று பொறுப்பாளரை எழுப்பவேண்டும்.

இப்படியொரு தளத்துக்குச் சந்தா கட்டப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வெளியிடச் சொன்ன பிறகு பதில் வராவிட்டால், உங்கள் மென்பொருள் அடுத்து என்ன செய்யும்? “மறுபடி அனுப்பும்” என்று மட்டும் பதில் வந்தால், இரட்டை போஸ்ட் என்றைக்காவது உங்கள் வாடிக்கையாளர் பக்கத்தில் வரும்.