பையர் பேசாத வாரங்கள்

"அந்த ஜெர்மனி பார்ட்டி என்னங்க ஆச்சு? ஒரு மெயில் போட்டுப் பாருங்க." திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பையர் ரேட் கேட்டார், சாம்பிள் வாங்கினார், அப்புறம் வாரக்கணக்கில் சத்தமே இல்லை. முதலாளி சொன்னதற்காக ஒரு மெயில் போகும்: "எங்கள் கொட்டேஷனைப் பார்த்தீர்களா?" அடுத்த வாரமும் அதே வரி. அதற்குப் பதில் எழுத பையரிடம் என்ன இருக்கிறது?

எப்போது எழுதுவது என்பதை முதலாளியின் அவசரத்தை வைத்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். பையருக்குச் சரக்கு எந்தத் தேதியில் வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

ஹாம்பர்க்கில் ஒரு கடைக்காரருக்கு 5,000 டி-ஷர்ட் ஜனவரி 20-க்குள் கிடங்கில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செங்கடல் தாக்குதல்களுக்குப் பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவதால், கப்பலுக்கும் துறைமுக வேலைகளுக்கும் 45 நாள் ஒதுக்குவோம். நூல் வாங்குவதிலிருந்து பேக்கிங் வரை 90 நாள். அப்படியானால் செப்டம்பர் 7-க்குள் ஆர்டர் உறுதியாக வேண்டும். சாம்பிள் அவர் கைக்குப் போனது ஜூன் 12. நம் கையில் இருப்பது இந்த மூன்று மாத இடைவெளிதான்.

இதிலும் ஒரு துண்டு போய்விடும். ஜெர்மனியில் கோடை விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு தேதியில் வரும். இத்தாலி பையர் என்றால் ஆகஸ்ட் நடுவில் அலுவலகமே பூட்டியிருக்கலாம். அந்த நாட்களில் போகும் மெயில், திரும்பி வருபவரின் இன்பாக்ஸில் நூற்றோடு நூற்றொன்றாகக் கிடக்கும்.

கூரியர் சேர்ந்த நாளிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். நாம் அனுப்பிய நாள் கணக்கில்லை. ஐந்து நாள் விட்டு, ஜூன் 17-ல் முதல் மெயில்: அளவு சரியாக இருக்கிறதா, கழுத்துப் பட்டி அகலம் போதுமா? ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பையர் அதைப் போட்டுப் பார்த்து, துவைத்துப் பார்த்து, வேறு இரண்டு கம்பெனி ரேட்டோடு ஒப்பிட வேண்டும் என்பதால் அடுத்தது ஒன்பது நாள் கழித்து, ஜூன் 26-ல். அதில் துவைத்தபின் துணி எவ்வளவு சுருங்கியது என்ற லேப் ரிப்போர்ட் இருக்கட்டும். மூன்றாவது ஜூலை 8. மாதத் தொடக்கத்தில் நூல் விலை மாறியிருந்தால், பழைய ரேட் எந்தத் தேதி வரை செல்லும் என்று சொல்ல இதுதான் சமயம். விலை மாறாதபோது மாறியதாகச் சொல்லி அவசரப்படுத்தும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. பையர் இன்னொரு கம்பெனியில் விசாரித்தால் தெரிந்துபோகும். நான்காவது ஜூலை 22. செப்டம்பர் 7 என்ற கணக்கைத் தேதி வாரியாக எழுதிக் காட்டி, "இந்த சீசனுக்கு வேண்டாம் என்றாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று முடிக்கலாம். வேண்டாம் என்று சொல்ல வழிவிட்டால் சிலர் உடனே எழுதுவார்கள்.

ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு என்று இடைவெளி நீள்வதைக் கவனியுங்கள். அதன்பின் ஐந்து வாரம் எதுவும் வேண்டாம். ஆகஸ்ட் 27-ல் கடைசி மெயில். எல்லாம் பழைய மெயிலுக்குப் பதிலாகவே போகட்டும். ரேட்டும் படமும் கீழேயே இருக்கும். கோடையில் இங்கே மதியம் ஒரு மணி என்றால் ஹாம்பர்க்கில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30.

மெயில் திறக்கப்பட்டதா என்று காட்டும் வசதியை நம்பி இடைவெளியைச் சுருக்காதீர்கள். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த மாற்றத்தால், அந்த வசதியை இயக்கியவர் மெயிலைப் பார்க்காவிட்டாலும் பார்த்ததாகக் கணக்கு வரும். மெயில் திரும்பி வந்தால்தான் உண்மையான செய்தி: அந்த ஆள் வேலை மாறியிருக்கலாம். அப்போது தேதிக் கணக்கை விட்டுவிட்டு, அதே நிறுவனத்தில் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

மெயில்களை முன்கூட்டியே சாஃப்ட்வேரில் ஏற்றி வைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பதில் வந்தால் அது தானாக நின்றுவிடும், ஆனால் பையரின் உதவியாளர் வேறு முகவரியிலிருந்து "ஃபிட் ஓகே, ரேட் குறையுமா?" என்று எழுதியிருந்தால் சில சாஃப்ட்வேர்களுக்கு அது பதிலாகவே படாது. பேரம் நடந்துகொண்டிருக்கும்போது, "ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்ற நான்காவது மெயில் போய் நிற்கும். ஒவ்வொரு மெயிலும் கிளம்பும் முன் அந்த நிறுவனத்தின் பெயரை இன்பாக்ஸில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடலாம்.

செப்டம்பர் 7 தாண்டியும் பதில் இல்லையென்றால் இந்த ஆர்டருக்காக இனி எழுத வேண்டாம். அடுத்த சீசனுக்குப் புது டிசைனும் புது ரேட்டும் தயாரானபின், புதிய தலைப்பில் புதிய மெயிலாகத் தொடங்கலாம். அதில் பழைய மௌனத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டியதில்லை.