நூறு நாற்காலி, ஒரு துண்டுச்சீட்டு

மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் சாயங்காலமே வாடகைக் கடையின் குட்டியானை வண்டி வாசலில் வந்து நிற்கும். நூறு நாற்காலிகள், இரண்டு சாமியானா, ஒரு மைக் செட். ஆளுக்கொரு வேலையில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். "அண்ணே, நூறு இருக்கு, எண்ணிக்கோங்க" என்று ஓட்டுநர் சொல்ல, யாரோ ஒருவர் எண்ணாமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். டெபாசிட் பணம் கரைய ஆரம்பிப்பது அங்கேதான்.

வாடகை பொருளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று ஓடும். நாற்காலிக்கு 8 ரூபாய், சாமியானாவுக்கு 600, மைக் செட்டுக்கு 2,500 என்றால், ஒரு நாளைக்கு 4,500 ரூபாய். ஊருக்கு ஊர் இது மாறும். இதற்கு மேல் டெபாசிட் 3,000. அட்வான்ஸ் வாடகையில் கழியும். டெபாசிட், பொருள் சேதமில்லாமல் திரும்பினால் கைக்கு வரும். கொடுத்த பணம் இரண்டில் எது என்பதைச் சீட்டில் எழுதி வாங்காவிட்டால் கடைசியில் வாக்குவாதம்தான்.

மைக் செட்டோடு கடைக்காரரின் ஆளே வந்து உட்கார்ந்திருப்பார். சத்தத்தைக் கூட்டச் சொல்லி அவரை நெருக்கக் கூடாது. அளவுக்கு மீறி ஏற்றினால் குழாய் ஸ்பீக்கரின் யூனிட் கருகிவிடும். நாற்காலியோடு ஆள் வருவதில்லை. பொறுப்பு முழுக்க விழா வீட்டாருடையது.

விழா முடிந்தது. திங்கட்கிழமை திருப்ப வேண்டிய நாற்காலிகள் செவ்வாய்க்கிழமைதான் போயின. கூடுதல் நாளுக்கு 800 ரூபாய். ஒன்று குறைகிறது; பக்கத்துத் தெரு விசேஷத்தில் கலந்திருக்கலாம். இன்னொன்றில் கால் விரிசல். ஒன்றுக்கு 500 வீதம் 1,000. ஆக 1,800 போக, கையில் வந்தது 1,200.

அந்த விரிசல் நாற்காலி வரும்போதே அப்படித்தான் இருந்திருக்கலாம். பிளாஸ்டிக் விட்டுப்போகும் இடத்தில் காலும் இருக்கையும் சேரும் மூலை வெளுத்துக் கோடு விழும். கையால் அழுத்தினால் நெளியும். அடுக்கைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்க அரைமணி நேரம் போதும். பழுதானதைத் தனியே வைத்து, சீட்டில் 'விரிசல் 1' என்று எழுதி, செல்போனில் படமும் எடுத்துக்கொண்டால் அந்த 500 ரூபாய் தங்கியிருக்கும். கடைக்காரர் நாற்காலியின் அடியில் பெயிண்டால் எழுதியிருக்கும் எழுத்தையும் பார்த்துக்கொண்டால், பக்கத்துத் தெருவில் கலந்ததைப் பிரித்தெடுக்க முடியும்.

சாமியானாவுக்குச் சமையல் அடுப்பின் பொறிதான் எதிரி. விழுந்த இடம் ஓட்டை. மழையில் நனைந்த துணியை அப்படியே மடித்து அனுப்பினால் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கும், அந்தக் கறை போகாது. கடைக்காரர் வரும்வரை அதை விரித்துக் காயப்போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டியில் ஏற்றும்போதே ஈரமென்று சொல்லி சீட்டில் குறித்துவிட வேண்டும்.