தையல் கடை திறப்பு: ஏழு நாள் அறிவிப்பு

புதிதாகத் திறந்த தையல் கடையில் பட்டு ஜாக்கெட் துணியை முதல் நாளே யாரும் நம்பிக் கொடுத்துவிட மாட்டார்கள். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. முதலில் வருவது ஜிப் மாற்றவும், சைடு பிடிக்கவும், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கவும்தான். அந்தச் சின்ன வேலை மனதுக்குப் பிடித்தால் அடுத்த முறை துணி வரும். திறப்பு விழாவுக்கு முன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் அறிவிப்புகளையும் இந்த வரிசையில்தான் அமைக்க வேண்டும்.

ஒருவர் எண்ணை மற்றவர் சேமித்து வைத்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும்; அதுவும் 24 மணி நேரம்தான். அதனால் பெயர்ப்பலகை மாட்டும் அன்றே அதில் எண்ணைப் பெரிதாக எழுதி, விசாரிக்க வருபவர்களிடம் சேமிக்கச் சொல்லி, அவர்கள் எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் நாளுக்கு முன் பலகையின் படமும் திறப்புத் தேதியும் போதும். ஐந்து நாள் இருக்கும்போது ஒரு ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் படம் எடுத்துப் போடலாம். பின்னால் பிரித்துவிட எவ்வளவு துணி விட்டிருக்கிறது, ஓரம் பிசிறில்லாமல் ஓவர்லாக் அடித்திருக்கிறதா என்று பெண்கள் பார்ப்பது அங்கேதான். மூன்றாம் நாள் கூலிப் பட்டியல்: சாதா ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட், ஃபால்ஸ், ஜிப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. கூலி போடாவிட்டால், கேட்கத் தயங்கியே பாதிப் பேர் வராமல் இருந்துவிடுவார்கள். முந்தைய நாள் கடைக்கு வழி: பிள்ளையார் கோயிலுக்கு எதிரிலா, ரேஷன் கடைக்குப் பக்கத்திலா என்று சொல்லி, அளவு ஜாக்கெட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

பலரும் சறுக்குவது சலுகையில். ஒரு மெஷின், ஒரு தையல்காரர், ஒரு உதவியாள் உள்ள கடையில் நாளுக்கு நான்கு லைனிங் ஜாக்கெட் முடியும் என்று வைத்துக்கொள்வோம். 'திறப்பு நாளில் பாதிக் கூலி' என்று போட்டு 60 துணி வந்து குவிந்தால், கடைசித் துணி முடிய 15 வேலை நாள் ஆகும். அதற்குள் ஒரு கல்யாணம் வந்துவிட்டால் நல்ல தையலும் கெட்ட பெயர்தான் வாங்கித் தரும். அதற்குப் பதிலாக, 'கொக்கி மாற்றுவது இன்று இலவசம். ஜாக்கெட்டுக்கு 12 டோக்கன் மட்டும், மூன்று நாளில் டெலிவரி' என்று போடலாம். கொக்கி வேலையை உதவியாளே முடித்துக் கையோடு கொடுத்துவிடுவார். 12 ஜாக்கெட்டும் சொன்ன நாளில் முடியும்.

திறப்பு நாளில் குத்துவிளக்குப் படம் ஒன்று போதும். மூன்றாம் நாள் மாலை, தைத்து மடித்து, பெயர்ச்சீட்டு குத்தி அடுக்கிய 12 ஜாக்கெட்டின் படத்தைப் போடுங்கள். வரிசையின் கடைசி அறிவிப்பு அதுதான். தையல்காரர் சொன்ன தேதியில் கொடுப்பாரா என்பதுதான் ஊரில் எல்லாருக்கும் உள்ள சந்தேகம்.