‘ஆறு மாசம் எங்க இருந்தீங்க?’ - நோய் இடைவெளியை நேர்காணலில் சொல்வது எப்படி?

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்த 27 வயது இளைஞர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2024 மே மாதம் அவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியாகிறது. வேலையை விடுகிறார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு நவம்பரில் சிகிச்சையை முடிக்கிறார். இப்போது பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா தயாரிப்பு நிறுவனத்தில் தரக் கண்காணிப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். பயோடேட்டாவில் மே முதல் நவம்பர் வரை காலியாக இருக்கிறது. என்ன எழுதுவது?

‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதிவிடலாம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், பி.எஃப். பாஸ்புக்கில் எந்த மாதம் வரை பணம் கட்டப்பட்டது என்பது தெளிவாக இருக்கும். பழைய மில்லில் விசாரித்தால் ‘உடம்பு சரியில்லைன்னு போனார்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அப்போது பிரச்சினை நோயாக இருக்காது, மறைத்ததாக இருக்கும். அதற்காக நோயின் பெயரையும் மாத்திரைப் பட்டியலையும் பயோடேட்டாவில் எழுத வேண்டியதில்லை. ஒரு வரி போதும்: “2024 மே - நவம்பர்: மருத்துவச் சிகிச்சைக்கான இடைவெளி. சிகிச்சை முடிந்தது. பணிக்குத் தகுதி என்ற மருத்துவச் சான்று உள்ளது.” தொடக்கமும் முடிவும் தெரிகிற இடைவெளியைப் பற்றி மேலே துருவிக் கேட்க ஆளுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

உணவுத் தொழிலில் மட்டும் இன்னொரு படி இருக்கிறது. உணவைக் கையாளுகிற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதில் உடல் பரிசோதனை, கண், தோல், தொற்றுநோய் இருக்கிறதா என்பதற்குத் தேவையான சோதனை ஆகியவற்றைப் பார்த்து பதிவுபெற்ற மருத்துவர் கையெழுத்திடுவார். இந்த மருத்துவரிடம் மட்டும் எதையும் மறைக்கக் கூடாது. நம் இளைஞருக்கு இது தடையும் இல்லை, வசதிதான். ‘இப்போ நல்லா இருக்கியா?’ என்ற கேள்விக்கு வாய் பதில் தேவைப்படாமல், ஒரு படிவம் பதில் சொல்லிவிடும்.

ஆனால், அந்த மருத்துவர் முன்னால் எதை வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காசநோய்ப் பதிவேட்டில் ‘குணமடைந்தார்’ என்பதும் ‘சிகிச்சை முடித்தார்’ என்பதும் வேறு வேறு. சிகிச்சையின் முடிவில் சளியைப் பரிசோதித்துக் கிருமி இல்லை என்று பார்த்திருந்தால்தான் முதலாவது. மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டும் கடைசிப் பரிசோதனை இல்லாவிட்டால் இரண்டாவது. ஆகவே, கடைசி மாத்திரையோடு வீட்டுக்குப் போகாமல், சளிப் பரிசோதனை முடிவை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எக்ஸ்ரே. காசநோய் ஆறினாலும் நுரையீரலில் தழும்பு நிற்கலாம். வேலைக்கு முந்தைய எக்ஸ்ரேவைத் தனியாகப் பார்க்கிறவர் அந்தத் தழும்பை இப்போதைய நோய் என்று சந்தேகப்படக்கூடும். சிகிச்சை முடிவில் எடுத்த பழைய படத்தைக் கையில் கொண்டுபோனால், இரண்டையும் ஒப்பிட்டுத் தழும்பு மாறாமல் இருப்பதைப் பார்க்கலாம். சிபிநாட் சோதனையைத் திரும்ப எடுக்கச் சொன்னாலும் கவனம் தேவை. செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டும். அதனால்தான் குணமானதைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துவதில்லை.

மருத்துவச் சான்றிலும் ‘உடல்நலமாக உள்ளார்’ என்ற ஒற்றை வரி அதிகம் உதவாது. கண்காணிப்பாளர் அடுப்படிச் சூட்டில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், படி ஏறி இறங்க வேண்டும் என்றால் அந்த வேலையை மருத்துவரிடம் விவரித்து, “இந்தப் பணியைச் செய்யத் தகுதியுடையவர்” என்று தேதி, பதிவு எண்ணுடன் எழுதி வாங்குவது நல்லது. சிகிச்சை பார்த்த மருத்துவரே தந்தால் இன்னும் வலு. சிலருக்குக் குணமான பிறகும் படி ஏறும்போது மூச்சு வாங்கலாம். அப்படியிருந்தால் நுரையீரல் திறன் சோதனை எடுத்துப் பார்த்து, முடியாததை நேர்காணலிலேயே சொல்லிவிடுவது, சேர்ந்த இரண்டாவது வாரம் லீவு கேட்பதைவிட மேல்.

இதே இளைஞர் மில் வேலையை விட்டது அவசரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்திருந்தால், காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் வருகிறது. இரண்டு ஆண்டு வேலையும் போதிய பிடித்த நாட்களும் இருப்பவருக்கு, வழக்கமான 91 நாள் நோய்க்கால உதவிக்குப் பிறகு, தினச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 480 ரூபாய். இந்த உதவி பெறும் காலத்தில் நிர்வாகம் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று அப்போது நடைமுறையில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு சொன்னது. அவர் ராஜினாமா கடிதம் கொடுக்காமல் இருந்திருந்தால், பயோடேட்டாவில் அந்த ஆறு மாசமும் மில்லின் பெயரிலேயே ஓடியிருக்கும்.