அழுத்தம் விழுந்த இடத்தில் உடையும் உயிரெழுத்து

ஸ்பானிய மொழி கற்கும் முதலாண்டு மாணவரின் நோட்டைப் புரட்டினால், ஏதாவது ஒரு பக்கத்தில் பூட்ஸ் ஒன்று வரைந்திருக்கும். அது பொழுதுபோக்குக் கிறுக்கல் அல்ல, வினைச்சொல் அட்டவணையின் மேல் இழுத்த கோடு. ‘முடியும்’ என்று பொருள்படும் போதேர் என்ற வினையின் நிகழ்கால வடிவங்களை மாணவர் அங்கே இரண்டு பத்தியாக எழுதியிருப்பார். இடப்பக்கம் ஒருமை, வலப்பக்கம் பன்மை.

நான்: புவேதோ — நாங்கள்: போதேமோஸ்
நீ: புவேதேஸ் — நீங்கள்: போதேய்ஸ்
அவன், அவள்: புவேதே — அவர்கள்: புவேதேன்

விகுதியைப் பார்த்தே ஆள் யார் என்று தெரிந்துகொள்வது தமிழருக்குப் புதிதல்ல. ‘செய்கிறேன்’ என்றால் போதும், ‘நான்’ தேவையில்லை. புவேதோ என்பதும் அப்படித்தான், கடைசியில் உள்ள ஓகாரமே ‘நான்’ என்று சொல்லிவிடும். மாணவரைத் தடுமாற வைப்பது பகுதி. போத் என்றிருந்த பகுதி நான்கு இடங்களில் புவேத் ஆகிறது, இரண்டு இடங்களில் அப்படியே நிற்கிறது. மாறும் நான்கையும் சேர்த்துக் கோடு இழுத்தால் இடப்பக்கத்து மூன்றும் பூட்ஸின் கணுக்கால், வலப்பக்கம் கீழே உள்ளது அதன் பாதம். இந்த வகை வினைகளுக்கு வகுப்பறையில் ‘பூட்ஸ் வினைகள்’ என்ற செல்லப்பெயர் வந்தது இதனால்தான்.

படம் நினைவில் நிற்கும், ஆனால் காரணம் சொல்லாது. காரணம் தெரியாத மாணவர் எல்லாக் கட்டத்திலும் மாற்றத்தைப் போட்டு ‘புவேதேமோஸ்’ என்று எழுதுவார். முதலாண்டு விடைத்தாள்களில் சிவப்பு மை அடிக்கடி விழுகிற பிழை அது.

வடிவங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் காரணம் பிடிபடும். ஸ்பானிய மொழியில் பெரும்பாலான சொற்களில் ஓர் அசை மட்டும் அழுத்திச் சொல்லப்படும். புவேதோ, புவேதேஸ், புவேதே, புவேதேன் நான்கிலும் அந்த அழுத்தம் முதல் அசையான ‘புவே’யில், அதாவது பகுதியின் மேல் விழுகிறது. போதேமோஸ் என்பதில் அது ‘தே’க்கும், போதேய்ஸ் என்பதில் ‘தேய்ஸ்’க்கும் நகர்ந்து விகுதியின் பக்கம் போய்விடுகிறது. அழுத்தம் விழுந்த இடத்தில் உயிரெழுத்து இரண்டாக உடைகிறது, விழாத இடத்தில் பழையபடி இருக்கிறது. அழுத்தத்தால் சொல்லின் பொருள் மாறாத மொழியில் வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது எளிதில் எட்டாது. அதனால் தமிழ் மாணவர் அட்டவணையைக் கண்ணால் மனப்பாடம் செய்வதைவிட, மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொல்லிப் பழகுவது பலன் தரும்.

இந்த உடைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு லத்தீனுக்குப் போக வேண்டும். லத்தீனில் நம் ஒ, ஓ போலவே குறிலும் நெடிலும் தனித்தனி. வொலாரே (பறத்தல்) என்பதில் இருந்தது குறில் ஒ, ப்லோராரே (அழுதல்) என்பதில் இருந்தது நெடில் ஓ. பிற்காலத்தில் உயிரின் நீள வேறுபாடு மறைந்தது. காஸ்தீயா பகுதியின் பேச்சில், அழுத்தம் பெற்ற பழைய குறில் ஒ ‘உவே’ ஆகவும், குறில் எ ‘இயே’ ஆகவும் விரிந்தன. நெடில்களுக்கு அது நேரவில்லை. இன்றைய ஸ்பானிய மொழியில் வோலார், யோரார் இரண்டிலும் இருப்பது ஒரே ஓகாரம், எழுத்திலும் ஒலியிலும் வேறுபாடு இல்லை. ஆனால் ‘நான் பறக்கிறேன்’ என்றால் வுவேலோ, ‘நான் அழுகிறேன்’ என்றால் யோரோ. மறைந்துபோன குறில் தன் அடையாளத்தை அட்டவணையில் விட்டுப் போயிருக்கிறது.

இது வினைச்சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. முதல் வாரத்தில் படிக்கும் எண்களிலேயே இருக்கிறது. ஏழு சியேதே, எழுபது செதென்தா. ஒன்பது நுவேவே, தொண்ணூறு நோவென்தா. சிறிய எண்ணில் அழுத்தம் முதல் அசையில், அதனால் உயிர் உடைந்திருக்கிறது. பத்தின் மடங்கில் அழுத்தம் அடுத்த அசைக்கு நகர, பழைய எழுத்து அப்படியே நிற்கிறது. பக்கத்து மொழியான போர்ச்சுகீசியத்தில் இந்த உடைப்பு நிகழவே இல்லை. அங்கே ஏழு என்பதில் எகரம் மட்டும், ஒன்பது என்பதில் ஒகரம் மட்டும்.

அழுத்தம் என்ற சாவி கையில் இருந்தால் இன்னொரு குழப்பமும் தீரும். ‘அதிகம் விரும்பு’ என்ற பொருளில் ப்ரெஃபெரீர் என்றொரு வினை உண்டு. அதன் பகுதியில் இரண்டு எகரங்கள். எது உடையும்? ‘நான்’ வடிவத்தில் அழுத்தம் விகுதிக்கு நேர் முன்னுள்ள அசையில் விழும். ஆகவே உடைவது இரண்டாவது எகரம்: ப்ரெஃபியேரோ. ‘ப்ரியேஃபெரோ’ என்று எழுதியவர் அழுத்தத்தைக் கேட்காமல் முதலில் கண்ணில் பட்டதை மாற்றியிருக்கிறார்.

பாடநூல்கள் இந்த வினைகளை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. ஓ ‘உவே’ ஆவது ஒன்று, எ ‘இயே’ ஆவது ஒன்று. மூன்றாவது, எ வெறும் இகரமாக மாறுவது. பெதீர் (கேட்டு வாங்கு) என்பது பீதோ ஆகும், ‘நாங்கள்’ வடிவத்தில் பெதீமோஸ் என்றே இருக்கும். ‘ஈர்’ என்று முடியும் வினைகளில் மட்டுமே இந்த மூன்றாவது வகை உண்டு. இவை தவிர ஹுகார் (விளையாடு) என்ற வினை தனியாக நிற்கிறது. உகரம் ‘உவே’ ஆகும் ஒரே வினை அது: ஹுவேகோ.

எந்த வினை மாறும், எது மாறாது என்பதை அகராதி வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உறவுள்ள பெயர்ச்சொல் சில நேரம் துப்புக் கொடுக்கும். கனவு சுவேன்யோ, அதனால் கனவு காண்கிறேன் என்பதும் சுவேன்யோ. ஆனால் துப்பு தவறவும் செய்யும். விடை என்பதற்கு ரெஸ்புவேஸ்தா என்ற சொல் இருந்தும், ‘விடை சொல்கிறேன்’ என்பது ரெஸ்போன்தோ, மாற்றமே இல்லை. லத்தீன் வரலாறும் முழுக்கக் கைகொடுக்காது. பென்சார் (நினை) நெடில் ஏயிலிருந்து வந்த சொல், இருந்தும் மற்ற வினைகளைப் பார்த்துத் தானும் பியென்சோ ஆகிவிட்டது. எனவே நல்ல பாடநூல்கள் சொற்பட்டியலில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் மாற்றத்தை அடைப்புக்குறிக்குள் தருகின்றன. அந்தக் குறிப்பையும் சேர்த்தே வினையைப் படிக்க வேண்டும்.

இந்த மாற்றம் வெறும் தொல்லை என்று நினைப்பவர் மெக்சிகோவின் ஒரு வீட்டுச் சமையலறையை எண்ணிப் பார்க்கலாம். ‘வேகவை’ என்பதற்கும் ‘தையல் போடு’ என்பதற்கும் இரண்டு தனி வினைகள். எழுத்து வேறு, ஆனால் லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் இரண்டும் கோசேர். அகராதி வடிவத்தைக் காதால் கேட்டால் பானையா, ஊசியா என்று தெரியாது. ‘நான்’ என்று தொடங்கியதும் இரண்டும் பிரிந்துவிடும். குவேசோ என்றால் பருப்பு அடுப்பில் இருக்கிறது, கோசோ என்றால் சட்டைப் பொத்தான் கையில் இருக்கிறது. ‘நாங்கள்’ வடிவத்தில் அழுத்தம் விகுதிக்குப் போனதும் இரண்டும் மறுபடி கோசேமோஸ் என்றே ஒலிக்கும்.

பூட்ஸின் அளவும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. போதேய்ஸ் என்ற ‘நீங்கள்’ வடிவம் பெரும்பாலும் ஸ்பெயினுக்கு உரியது. லத்தீன் அமெரிக்காவில் பலரைப் பார்த்துப் பேசும்போதும் ‘அவர்கள்’ வடிவமான புவேதேன்தான், ஆகவே அங்கே பன்மையில் உடையாமல் நிற்பது போதேமோஸ் ஒன்றே. அர்ஜென்டினாவில் நண்பனை ‘தூ’ என்று அழைக்காமல் ‘வோஸ்’ என்பார்கள். அந்த ‘நீ’க்கு உரிய வடிவத்தில் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது. அதனால் புவனோஸ் ஐரிஸ் தெருவில் ‘உன்னால் முடியும்’ என்பது புவேதேஸ் அல்ல, போதேஸ்.