நடுவில் வழியட்டும், கடைசியில் தடுங்கள்

விலை குறைந்த சிப்களில் தசம எண்களைக் கையாளத் தனிச் சுற்று இருக்காது. அவற்றில் ஒலி வடிகட்டி எழுதுபவர்கள் முழு எண்ணையே பின்னமாகப் பாவிப்பார்கள். 16 பிட் எண்ணை 32768-ஆல் வகுத்ததாக நினைத்துக்கொள்வதற்குப் பெயர் Q15. இதில் 16384 என்றால் 0.5, 24576 என்றால் 0.75. எல்லை, -1 முதல் 1-க்குச் சற்றே குறைவு வரை.

பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் விடை சிறுக்கும் என்பதுதான் இதன் வசதி. 0.5-ஐ 0.5-ஆல் பெருக்க, சிப் 16384-ஐ 16384-ஆல் பெருக்குகிறது. 32 பிட்டில் வரும் விடையை 15 இடம் வலப்புறம் நகர்த்தினால் 8192, அதாவது 0.25. ஒரே ஒரு ஜோடி மட்டும் அடங்காது: -1-ஐ -1-ஆல் பெருக்கினால் +1. Q15-இல் அந்த எண்ணே கிடையாது. கவனிக்காமல் விட்டால் விடை மறுபடி -1 ஆகிவிடும்.

உண்மையான தொல்லை கூட்டலில்தான். 0.75-உடன் 0.5-ஐக் கூட்டினால் 1.25 வர வேண்டும். 16 பிட்டில் அந்த 40960 கொள்ளாது. சுற்றிப்போய் -24576, அதாவது -0.75 ஆகிறது. உச்சத்தில் இருந்த ஒலி அலை அடுத்த நொடிப்பிளவில் பள்ளத்தில் விழ, ஸ்பீக்கரில் ‘படக்’கென்று கேட்கும். செறிவு முறையில் விடை 32767-இலேயே நின்றுவிடும். அலையின் உச்சி மழுங்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லா இடத்திலும் செறிவு முறையையே வைத்துவிடலாமே? கூடாது. 0.75 + 0.5 - 0.5 என்று பாருங்கள். சுற்றும் முறையில் -0.75-இலிருந்து 0.5 கழிய -1.25, அதுவும் எல்லை தாண்டிச் சுற்றி 0.75 ஆகிவிடுகிறது. சரியான விடை! 10 மணியிலிருந்து கடிகார முள்ளை 5 மணி நேரம் முன்னே தள்ளி, அதே அளவு பின்னே இழுத்தால் 10-க்கே வருவது போல. செறிவு முறையிலோ நடுவில் ஏறத்தாழ 1-இல் வெட்டுப்பட்டு, முடிவில் 0.5-தான் மிஞ்சும். மொத்தம் எல்லைக்குள் அடங்கும் என்றால், இடையில் எத்தனை முறை சுற்றினாலும் கவலையில்லை.

தன் வெளியீட்டையே திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் வடிகட்டியின் கதை வேறு. அங்கே சுற்றிப்போன விடை மீண்டும் மீண்டும் கணக்கில் புகும். உள்ளீடு நின்ற பிறகும் வடிகட்டி தானாக அலறிக்கொண்டே இருக்கக்கூடும். 1969-இல் பெல் ஆய்வகத்தின் எபர்ட், மேசோ, டெய்லர் மூவரும் இதை ஆராய்ந்து, இரண்டாம் படி வடிகட்டியில் செறிவு முறை அந்த அலறலை ஒழிக்கும் என்று காட்டினார்கள்.

ஆர்ம் சிப்களுக்கான CMSIS-DSP நூலகத்தில் `arm_fir_q15` 64 பிட்டில் கூட்டி, கடைசியில் மட்டும் செறிவிக்கிறது. வேகமான `arm_fir_fast_q15` 32 பிட்டில் கூட்டுவதால் மொத்தமே சுற்றிவிடலாம். அதை எடுப்பவர்கள் உள்ளீட்டை முன்கூட்டியே சிறிதாக்கிக்கொள்ள வேண்டும்.