வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

கீழே ஒரு பத்தி இருக்கிறது. தமிழில் கட்டுரை எழுதித் தரும் கணினி நிரல்களின் நடை பல நேரம் எப்படி இருக்குமோ, அதே நடையில் இதை உங்களுக்காக அமைத்திருக்கிறேன். ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

“எனது பாட்டியின் வீடு ஒரு பசுமையான கிராமத்தில் அமைந்துள்ளது. கோடை விடுமுறை எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைக் கொண்டு வருகிறது. பாட்டி மிகவும் அன்பான பெண்மணி ஆவார். அவர் தனது கைகளால் சுவையான முறுக்குகளைத் தயார் செய்கிறார். ‘நீ உணவு உண்டாயா, என் அன்பான குழந்தையே?’ என்று அவர் என்னிடம் கேட்கிறார். மாலையில் நாங்கள் குளத்திற்குச் செல்கிறோம். இது என்றும் மறக்க முடியாத ஓர் அனுபவம் ஆகும்.”

எழுத்துப் பிழை இல்லை. தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிக்கும்படியான இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போய்வந்த எந்தப் பிள்ளையும் இப்படிச் சொல்லாது. எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்போம்.

பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் அடிக்கோடிடுங்கள். அமைந்துள்ளது, வருகிறது, ஆவார், செய்கிறார், கேட்கிறார், செல்கிறோம், ஆகும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். காலம், இடம், ஒருமை பன்மை, மரியாதை எல்லாம் அந்த ஒரே சொல்லில் அடங்கியிருக்கும். அதனால்தான் தடயத்தையும் முதலில் அங்கே தேட வேண்டும்.

செய்கிறார், கேட்கிறார், செல்கிறோம் என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றுமே நிகழ்காலம். ஆனால் பாட்டி முறுக்கு சுடுவது இந்த நிமிடம் நடக்கிற வேலையா? இல்லை, ஒவ்வொரு விடுமுறையிலும் வழக்கமாக நடப்பது. வழக்கமாக நடப்பதைச் சொல்ல நாம் எந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறோம்? “பாட்டி முறுக்கு சுடுவார், சாயங்காலம் குளத்துக்குப் போவோம்” என்கிறோம். பள்ளியில் எதிர்காலம் என்று படிக்கும் அதே வடிவம்தான் வழக்கத்தையும் சொல்கிறது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. அங்கே வழக்கத்தை நிகழ்கால வடிவத்தில் சொல்வார்கள். அந்தப் பழக்கம் அப்படியே தமிழுக்குள் வந்தால், “சுடுவார்” இருக்க வேண்டிய இடத்தில் “தயார் செய்கிறார்” வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்து ஆவார், ஆகும். “எங்க பாட்டிக்கு என்மேல் ரொம்பப் பிரியம்” என்று நீங்கள் சொன்னால் அதில் வினைச்சொல்லே இல்லை, ஆனாலும் வாக்கியம் முழுமையாக இருக்கிறது. தமிழில் வாக்கியம் அப்படி முடியலாம். ஆங்கில வாக்கியத்துக்கோ ஒரு வினை கட்டாயம் வேண்டும். அந்த வினைக்கு ஈடாகத்தான் ஒவ்வொரு இடத்திலும் ஓர் “ஆகும்” ஒட்டப்படுகிறது.

இதையெல்லாம் நிரல் ஏன் செய்கிறது? அதற்குப் பாட்டியும் தெரியாது, முறுக்கும் தெரியாது. இணையத்தில் கிடைத்த ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடக் கற்றிருக்கிறது. எழுதும்போதும் அதே கணக்குதான். “பாட்டி மிகவும் அன்பான பெண்மணி” என்பது வரை எழுதியாயிற்று, அடுத்து என்ன? படித்த எழுத்தில் அந்த இடத்தில் “ஆவார்” அடிக்கடி வந்திருந்தால், அதுவே வந்து விழும். அது படித்ததில் மிகப் பெரும் பகுதி ஆங்கிலம். தமிழில் படித்ததும் பெரும்பாலும் கலைக்களஞ்சியக் கட்டுரை, செய்தி, அறிவிப்பு, மொழிபெயர்ப்பு போன்றவை. திண்ணையில் பேசுகிற தமிழை யாரும் எழுதி வைப்பது குறைவு. அதனால் கலைக்களஞ்சியத்தின் விறைப்பான நடை பாட்டி வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

இரண்டாவது தடயம் பாட்டியின் வாயில் இருக்கிறது. “நீ உணவு உண்டாயா” என்று எந்த ஊர்ப் பாட்டி கேட்பார்? “சாப்ட்டியாடா கண்ணு?” என்பார். தமிழில் எழுதுவதற்கு ஒரு நடையும் பேசுவதற்கு வேறொரு நடையும் உண்டு. கதை எழுதுபவர்கள் பலர் தாங்கள் சொல்வதை எழுத்து நடையிலும், பாத்திரங்கள் பேசுவதைப் பேச்சு நடையிலும் எழுதுவார்கள். நிரல் இரண்டையும் ஒரே நடையில் எழுதிவிடுவது உண்டு. “பேச்சுத் தமிழில் எழுது” என்று கட்டளையிட்டால் வேறொரு சிக்கல் வரலாம். ஒரே பாட்டி முதல் வரியில் கோவைக்காரராகவும் அடுத்த வரியில் நெல்லைக்காரராகவும் பேசி, மூன்றாவது வரியில் “சென்றேன்” என்று முடித்துவிடுவார்.

மூன்றாவது தடயம், “விடுமுறை மகிழ்ச்சியைக் கொண்டு வருகிறது” என்ற வரி. விடுமுறைக்குக் கையும் காலும் இருப்பதுபோல் அது எதையோ தூக்கிக்கொண்டு வருகிறது. நாம் “லீவு விட்டாலே எனக்குக் குஷிதான்” என்போம். இரண்டு வரி தள்ளி “தனது கைகளால்” என்று வருகிறது. பாட்டி வேறு யார் கையால் முறுக்கு பிழிவார்? ‘அவருடைய’, ‘தனது’ என்று ஒவ்வொன்றுக்கும் உரிமை சொல்வது ஆங்கிலத்துக்குத் தேவை. தமிழில் “கை கழுவினான்” என்றாலே அவன் கைதான்.

இப்போது மிக முக்கியமான கேள்வி. இந்த மூன்று தடயங்களும் இருந்தால், அது நிரல் எழுதியதுதான் என்று தீர்ப்புச் சொல்லலாமா?

கூடாது. “தூய நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ் ஆகும்” என்று உங்கள் பாடநூலில் இருந்தால் அது சரியான இடத்தில் வந்த “ஆகும்”தான். ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்ப்பவரும் “மகிழ்ச்சியைக் கொண்டு வருகிறது” என்று எழுதிவிடுவார். மதிப்பெண்ணுக்காகக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதும் மாணவியின் நடையும் இப்படி விறைப்பாகவே இருக்கலாம். இன்னொரு பக்கம், நிரல் எழுதியதை யாராவது நன்றாகத் திருத்திவிட்டால் ஒரு தடயமும் மிஞ்சாது.

இது எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனம், எழுதியது மனிதரா நிரலா என்று கண்டறியும் கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டது. ஆங்கில எழுத்தைக் கொண்டு அவர்களே செய்த சோதனையில், நிரல் எழுதியவற்றில் 100க்கு 26ஐத்தான் அது “நிரல் எழுதியதாக இருக்கலாம்” என்று பிடித்தது. மனிதர் எழுதியவற்றிலும் 100க்கு 9ஐ அப்படியே தவறாகக் குற்றம் சாட்டியது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

வீட்டில் நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்குப் பிடித்த கட்டுரை ஒன்றை எடுத்து, முதல் பத்து வாக்கியங்களின் கடைசிச் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் சந்தேகப்படும் கட்டுரையிலிருந்தும் அதேபோல் பத்துச் சொற்களை எழுதிப் பக்கத்தில் வையுங்கள். எத்தனை “ஆகும்”, எத்தனை “கிறது”, எத்தனை கேள்வி, வினையே இல்லாமல் முடிந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். ஆனால் கதையைக் கதையோடும் கட்டுரையைக் கட்டுரையோடும் ஒப்பிட்டால்தான் கணக்கு நியாயமாக இருக்கும். பத்து வாக்கியத்தோடு நிறுத்தாமல், நான்கைந்து பத்திக்காவது இப்படி எண்ணிப் பாருங்கள்.

அப்படி எண்ணியும் சந்தேகம் தீரவில்லை என்றால், எழுதியவரிடமே போய், “உங்க பாட்டி முறுக்கு எப்படிப் பிழிவாங்க?” என்று கேளுங்கள். உண்மையிலேயே பார்த்தவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். அதைக் கேட்காமல், வாக்கியத்தின் வாலை மட்டும் பார்த்து நண்பரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள்.